25 மடங்கு எங்கிருந்து வந்தது? வேலையை விடும் வருஷத்தைச் சொல்லும் ஓர் அட்டவணையின் கதை

இன்றைய எபிசோட் ஒரு சின்ன அட்டவணையைப் பற்றியது. நிதிச் சுதந்திரம், சீக்கிரமே ஓய்வு என்றெல்லாம் தேடியவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. இடது பக்கம் வருமானத்தில் எத்தனை சதவீதம் சேமிக்கிறீங்க என்று இருக்கும். வலது பக்கம் இன்னும் எத்தனை வருஷம் வேலை பார்க்கணும் என்று இருக்கும். 10 சதவீதம் சேமித்தால் 51 வருஷம். 25 சதவீதம் என்றால் 32. பாதியைச் சேமித்தால் 17. முக்கால் பங்கைச் சேமித்தால் வெறும் 7.

இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைத்து வாழ்கிறவர்கள் இருக்காங்க. இதை நம்பி ராஜினாமா கடிதம் கொடுத்தவர்களும் இருக்காங்க. அதனால் இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது, அதற்குள் யாருடைய அனுமானங்கள் உட்கார்ந்திருக்கு, எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று இன்றைக்குப் பிரித்துப் பார்க்கலாம்.

2012, கொலராடோ

அட்டவணையைப் பிரபலமாக்கியவர் பீட் அடேனி. கனடாவில் வளர்ந்த சாஃப்ட்வேர் எஞ்சினியர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குடியேறியவர். 2005-இல், 30 வயதில், சம்பள வேலையை விட்டார். 2011-இல் 'மிஸ்டர் மனி மஸ்டாஷ்' என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார். 2012 ஜனவரியில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில்தான் இந்த அட்டவணை வந்தது.

அவர் சொன்ன விஷயம் இதுதான். எப்போது வேலையை விட முடியும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் சம்பளம் இல்லை. கைக்கு வரும் சம்பளத்தில் எத்தனை பங்கைச் சேமிக்கிறீங்க என்ற ஒரே ஒரு எண். கேட்டவுடன் நம்ப முடியாது. மாசம் 20,000 டாலர் சம்பாதிக்கிறவரும் 4,000 டாலர் சம்பாதிக்கிறவரும் எப்படி ஒரே கோட்டில் நிற்க முடியும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4,000 டாலர் கைக்கு வருகிறவர் பாதியைச் சேமிக்கிறார். அப்படியென்றால் மாசச் செலவு 2,000, வருஷச் செலவு 24,000. அட்டவணையின் விதிப்படி, வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்துவிட்டால் போதும். 24,000 பெருக்கல் 25, அதாவது 6 லட்சம் டாலர். அதுதான் அவருடைய இலக்கு.

இப்போது 20,000 டாலர் சம்பளக்காரர். அவரும் மாசம் அதே 2,000 டாலர்தான் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய வருமானத்தில் 10 சதவீதம். மீதி 18,000 செலவு. வருஷத்துக்கு 2,16,000. அதற்கு 25 மடங்கு என்றால் 54 லட்சம் டாலர். இரண்டு பேரும் ஒரே தொகையைத்தான் உண்டியலில் போடுறாங்க. ஆனால் ஒருவருடைய உண்டியல் 6 லட்சத்தில் நிறையும், மற்றவருடையது 54 லட்சத்தில்தான் நிறையும்.

செலவு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. செலவு கூடினால் சேமிப்பு குறைகிறது, அதே சமயம் இலக்கும் தள்ளிப் போகிறது. அதனால்தான் சம்பளம் கணக்கிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறது, பங்கு மட்டும் மிஞ்சுகிறது. சூத்திரமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கோம். `s` என்பது சேமிக்கும் பங்கு. பாதி என்றால் 0.5.

```
n = ln(1 + 1.25*(1-s)/s) / ln(1.05)
```

இந்த 1.25, 1.05 என்ற எண்களுக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கு. ஒன்று, போட்ட பணம் விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் வருஷத்துக்கு 5 சதவீதம் வளரும். இரண்டு, ஓய்வுக்குப் பிறகு முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்தால் பணம் தீராது. நூறை நாலால் வகுத்தால் 25. அந்த 25 மடங்கு இங்கிருந்துதான் வருகிறது.

நம்முடைய 4,000 டாலர்காரர் விஷயத்தில் இது எப்படி ஓடுது என்று பாருங்க. வருஷம் 24,000 போடுகிறார். 5 வருஷத்தில் ஏறக்குறைய 1,33,000. 10 வருஷத்தில் 3,02,000. 15 வருஷத்தில் 5,18,000. 17-வது வருஷத்தில் 6 லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். மொத்தத்தில் அவர் கையிலிருந்து போட்டது சுமார் 4 லட்சம். மீதி 2 லட்சம் வளர்ச்சியில் வந்தது. இந்தப் பிரிவை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

அதற்கு முன்: சுவரில் ஒரு வரைபடம்

அடேனி இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்பே இதை ஒரு வரைபடமாகச் சொன்னவர் ஜோ டொமிங்கெஸ். வால் ஸ்ட்ரீட்டில் ஆய்வாளராக இருந்தவர். 1969-இல், 31 வயதில் வேலையை விட்டார். பிறகு விக்கி ராபினோடு சேர்ந்து வகுப்புகள் நடத்தினார், ஒலிநாடாப் பாடமாகவும் வெளியிட்டார். 1992-இல் இருவரும் எழுதிய 'யுவர் மனி ஆர் யுவர் லைஃப்' என்ற புத்தகம் பெரிய அளவில் விற்றது.

அதில் ஒரு பயிற்சி. சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, மாசாமாசம் இரண்டு கோடுகள் வரையணும். ஒன்று வருமானம், இன்னொன்று செலவு. கொஞ்ச நாள் கழித்து மூன்றாவது கோடு ஒன்று கீழே முளைக்கும். சேமிப்பிலிருந்து வரும் வட்டி. செலவுக் கோடு இறங்க இறங்க, வட்டிக் கோடு ஏற ஏற, ஒரு நாள் இரண்டும் சந்திக்கும். அந்த இடத்துக்கு 'குறுக்குப் புள்ளி' என்று பெயர் வைத்தாங்க. அதற்கப்புறம் சம்பளம் உங்கள் விருப்பம்.

டொமிங்கெஸ் பங்குச் சந்தையைச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர் சொன்னது அமெரிக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள். 1981-இல் அந்தப் பத்திரங்களின் வட்டி 15 சதவீதத்தையே தொட்டது. புத்தகம் வந்த சமயத்தில் 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 7 சதவீத வட்டி என்றால் வருஷச் செலவுக்கு 14 மடங்கு சேர்த்தாலே கோடுகள் சந்தித்துவிடும். 25 மடங்கு வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பத்திரத்தின் வட்டி ஏறாது. விலைவாசி ஏறும். வருஷத்துக்கு 3 சதவீத விலை உயர்வு இருந்தால்கூட 24 வருஷத்தில் எல்லாமே இரட்டிப்பு விலை. 31 வயதில் விட்டவருக்கு 55 வயதில் அதே வட்டி பாதி வீட்டைத்தான் ஓட்டும். டொமிங்கெஸ் இதற்குச் சொன்ன பதில், செலவை விவரமாகப் பார்த்துச் செய்கிறவருக்கு விலைவாசி அவ்வளவு கடிக்காது என்பது. அவரளவில் அது நடந்திருக்கலாம். எல்லோருக்குமான விதியாக அதை வைக்க முடியாது. பின்னாளில் வட்டி மிகவும் இறங்கிய பிறகு வந்த 2018 பதிப்பில் விக்கி ராபினே முதலீட்டு அத்தியாயத்தை மாற்ற வேண்டி வந்தது.

ஆக வரைபடம் சரி, அந்த மூன்றாவது கோடுதான் நம்பமுடியாதது. விலைவாசியைத் தாங்கி, பல வருஷம் ஓடக்கூடிய ஒரு கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? அந்தக் கேள்விக்கு 1994-இல் ஒரு பதில் வந்தது.

குளிர்பானத் தொழிலிலிருந்து வந்தவர்

வில்லியம் பெங்கன் எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். குடும்பத்தின் குளிர்பானத் தொழிலைப் பல வருஷம் பார்த்துவிட்டு, பிறகு தெற்குக் கலிஃபோர்னியாவில் நிதி ஆலோசகரானார். ஓய்வை நெருங்கிய வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்வி, 'வருஷத்துக்கு எவ்வளவு எடுத்துச் செலவு செய்யலாம்?' அப்போது பழக்கத்தில் இருந்த பதில் சராசரியை வைத்துச் சொன்னது. பங்கும் கடன் பத்திரமும் கலந்து சராசரியாக இவ்வளவு வளர்ந்திருக்கு, அதில் விலைவாசியைக் கழி, மிச்சத்தை எடுத்துக்கொள் என்பாங்க.

பெங்கன் அதை ஏற்கவில்லை. ஆற்றில் சராசரி ஆழம் நாலு அடி என்று சொன்னால் நீச்சல் தெரியாதவர் இறங்குவாரா? நடுவில் எங்கே எவ்வளவு ஆழம் என்று தெரியணும். அதனால் 1926-லிருந்து உள்ள அமெரிக்கச் சந்தைத் தகவலை எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் ஓய்வு பெற்றதாகக் கற்பனை செய்தார். பாதி பங்கு, பாதி அரசுப் பத்திரம். முதல் வருஷம் ஒரு தொகை, அடுத்தடுத்த வருஷம் அதே தொகை விலைவாசிக்கு ஏற்றபடி உயர்த்தி எடுப்பது. யாருடைய பணம் எத்தனை வருஷத்தில் தீருது என்று பார்த்தார்.

முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட 30 வருஷத்துக்குள் பணம் தீரவில்லை. 1929 சரிவுக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கூடத் தப்பினார். 5 சதவீதம் எடுத்தவர்களில் பலர் தப்பவில்லை. இந்தக் கட்டுரை 1994 அக்டோபரில் அமெரிக்க நிதி ஆலோசகர்களின் தொழில்முறை இதழில் வெளியானது. '4 சதவீத விதி'யின் பிறப்பு அதுதான்.

1998-இல் டெக்சஸ் மாநிலத்து ட்ரினிட்டி பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியர்கள், கூலி, ஹப்பர்ட், வால்ஸ், இதே மாதிரிச் சோதனையை 1926 முதல் 1995 வரையான தகவலில் செய்தாங்க. பாதி பங்கு, பாதி பத்திரம், விலைவாசியோடு உயரும் 4 சதவீதம், 30 வருஷம். 95 சதவீதத் தருணங்களில் பணம் தாங்கியது. அவங்க பயன்படுத்திய பத்திரங்கள் வேறு, அதனால் பெங்கனின் 'ஒருவருக்கும் தீரவில்லை' என்பது இங்கே 95 ஆனது. இதைத்தான் இன்றைக்கு 'ட்ரினிட்டி ஆய்வு' என்று சொல்றாங்க.

இரண்டிலும் வரும் அந்த 30 என்ற எண்ணைக் கவனியுங்க. அவங்க நினைத்தது 60, 65 வயதில் ஓய்வு பெற்று 95 வரை வாழக்கூடிய ஓர் அமெரிக்கரை. அவருக்கு அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும் வரும், 65 ஆனதும் மெடிகேர் மருத்துவக் காப்பீடும் வரும். அந்த எண்ணை எடுத்து 33 வயதில் வேலையை விடுகிறவருடைய அட்டவணையில் போட்டபோது, 30 வருஷ உத்தரவாதம் சத்தமில்லாமல் 60 வருஷமாக நீண்டுவிட்டது. அடேனியின் வாதம், இளம் வயதில் விட்டவர் நடுவில் கொஞ்சம் சம்பாதிப்பார், கெட்ட வருஷத்தில் செலவைக் குறைப்பார் என்பது. நியாயமான வாதம்தான். ஆனால் அது அந்த ஆய்வுகள் நிரூபித்த விஷயம் இல்லை.

1966: பெருமந்தத்தைவிட மோசமான வருஷம்

4 சதவீதத்துக்கு மேலே பெங்கன் ஏன் போக முடியவில்லை? பலர் 1929 என்று நினைப்பாங்க. உண்மையில் தடுத்தது 1960-களின் பின்பாதி.

1929-க்கும் 1933-க்கும் நடுவில் அமெரிக்காவில் பொருள்களின் விலை கிட்டத்தட்ட கால் பங்கு இறங்கியது. பங்கு சரிந்தது, ஆனால் ஓய்வு பெற்றவர் எடுக்க வேண்டிய தொகையும் சேர்ந்து இறங்கியது. 1966-இல் ஓய்வு பெற்றவருக்கு அந்த உதவி கிடைக்கவில்லை.

அவர் கையில் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் 4,000 எடுக்கிறார். 1973, 1974 இரண்டு வருஷத்தில் டிவிடெண்டையும் சேர்த்தே பங்குகள் சுமார் 37 சதவீதம் விழுந்தது. அதே நேரம் எண்ணெய் நெருக்கடி, விலைவாசி ஏற்றம். 1974-இல் அதே வாழ்க்கைக்கு அவர் சுமார் 6,000 டாலர் எடுக்கணும். 1982 வரும்போது 12,000-ஐ நெருங்கிவிட்டது. 1966-இல் 1,000 புள்ளியைத் தொடப் போன டவ் ஜோன்ஸ் குறியீடு, 1982 ஆகஸ்டில் 777-இல் இருந்தது. பதினாறு வருஷம் கழித்து, விலை மூன்று மடங்கு, குறியீடோ முன்பைவிடக் கீழே.

விழுந்த சந்தையில் விற்றுத்தான் சாப்பாட்டுச் செலவுக்கு எடுக்கணும். அப்படி விற்ற பங்குகள் 1982-க்குப் பிறகு சந்தை எழுந்தபோது அவர் கையில் இல்லை. இதே மனிதர் 1982-இல் ஓய்வு பெற்றிருந்தால், இருமடங்கு எடுத்திருந்தாலும் 30 வருஷம் தாங்கியிருக்கும். அதே விதி, அதே ஒழுக்கம், அதே 25 மடங்கு. மாறியது வேலையை விட்ட வருஷம் மட்டும்தான்.

இன்னொரு ஆள் 1966-இல் சேமிக்க ஆரம்பித்தவர் என்றால் கதை தலைகீழ். விழுந்த சந்தை அவருக்கு மலிவு விலைக் கடை. அதனால் ஒரே காலம் சேர்க்கிறவருக்கு ஒரு மாதிரி, எடுக்கிறவருக்கு வேறு மாதிரி. அட்டவணையில் இரண்டு பேருக்கும் ஒரே 5 சதவீதம் என்று எழுதியிருக்கு.

முதல் ஐந்து, பத்து வருஷம் எப்படிப் போகுது என்பதுதான் முக்கியமான அறிகுறி. வேலையை விட்டவர் வருஷாவருஷம் பார்க்க வேண்டிய எண், இந்த வருஷச் செலவு இன்றைய சேமிப்பில் எத்தனை சதவீதம் என்பது. 4-இல் ஆரம்பித்தது 3-ஐ நோக்கி இறங்கினால் சரியான பாதை. அது சில வருஷத்திலேயே 6, 7 என்று ஏறினால், 1966-காரரின் பாதையில் இருக்கார் என்று அர்த்தம். அப்போதே கொஞ்சம் சம்பாதிப்பதும் செலவைக் குறைப்பதும் பலன் தரும். காத்திருந்தால் தராது.

அட்டவணையில் எந்தப் பகுதியை நம்பலாம்?

முன்னால் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்ன பிரிவுக்கு இப்போது வருவோம். உங்கள் கையிலிருந்து போனது எவ்வளவு, வளர்ச்சியில் வந்தது எவ்வளவு?

ஒரு சோதனை செய்யலாம். 5 சதவீத வளர்ச்சியை எடுத்துவிட்டு, விலைவாசிக்கு ஈடாக மட்டும்தான் பணம் வளருது, அதற்குமேல் பூஜ்யம் என்று வைப்போம். 25 மடங்கு இலக்கு அப்படியே.

| சேமிக்கும் பங்கு | 5 சதவீத வளர்ச்சியில் | வளர்ச்சி பூஜ்யமானால் |
|---|---|---|
| 10% | 51 வருஷம் | 225 வருஷம் |
| 20% | 37 | 100 |
| 50% | 17 | 25 |
| 65% | 10½ | 13½ |
| 75% | 7 | 8 |

இந்த இரண்டு நெடுவரிசையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அட்டவணையின் குணம் புரியும். முக்கால் பங்கு சேமிக்கிறவருக்குச் சந்தை கைவிட்டாலும் ஒரு வருஷம்தான் கூடும். அவருடைய பணத்தில் பெரும்பகுதி அவரே போட்டது. பாதி சேமிக்கிறவருக்கு எட்டு வருஷம் தள்ளிப்போகும், ஆனாலும் ஒரு மனித வாழ்நாளுக்குள் வரும். 10 சதவீதக்காரருடைய 51 வருஷம் முழுக்க முழுக்கச் சந்தை கொடுத்த வாக்குறுதி. சந்தை கொடுக்கவில்லை என்றால் அங்கே ஒன்றுமே இல்லை.

அதாவது அட்டவணையின் கீழ்ப் பகுதி கணக்கு, மேல் பகுதி கணிப்பு. இரண்டையும் ஒரே எழுத்துருவில் அச்சிட்டதால் ஒரே அளவு உறுதியானது போலத் தெரியுது.

அதற்காக 10 சதவீதம் சேமிக்கிறவரை யாரும் குறை சொல்லத் தேவையில்லை. வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், அப்பா அம்மா மருந்துச் செலவு எல்லாம் போக அதுதான் மிஞ்சுகிறவர்கள் ஏராளம். சம்பளம் கணக்கிலிருந்து கழன்றுவிடும் என்பது சூத்திரத்தில் உண்மை, வாழ்க்கையில் பாதி உண்மை. மாசம் 20,000 டாலர் வருகிறவர் பாதியை எடுத்து வைப்பதும் 2,000 வருகிறவர் பாதியை எடுத்து வைப்பதும் ஒரே மாதிரிக் கஷ்டம் இல்லை. அடேனி வீட்டில் அவரும் மனைவியும் இரண்டு பேருமே தொழில்நுட்பத் துறையில் சம்பாதித்தாங்க என்பதையும் சேர்த்துத்தான் அந்த அட்டவணையைப் படிக்கணும்.

'நிலையாக' என்ற சொல்

அட்டவணையில் இன்னொரு பொடி எழுத்து இருக்கு. வருஷம் முழுக்க, கடைசி வரை, ஒரே பங்கு சேமிப்பது. பங்கு மாறாமல் இருந்தாலே போதும், நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவோம் என்று நினைப்போம். அது சம்பளமும் மாறாமல் இருந்தால்தான் உண்மை.

நம்முடைய 4,000 டாலர்காரரையே எடுத்துக்கொள்வோம். 10 வருஷம் பாதி சேமித்து 3,02,000 சேர்த்துவிட்டார். இப்போது சம்பளம் 6,000 ஆகிறது. விலைவாசிக்கு மேலே கிடைத்த உண்மையான உயர்வு. அவர் ஒழுக்கமானவர், இப்போதும் சரியாகப் பாதி. 3,000 சேமிப்பு, 3,000 செலவு. ஆனால் இலக்கு 6 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்குப் போய்விட்டது. பழைய 3,02,000 பழைய வாழ்க்கையை நினைத்துச் சேர்த்த பணம். கணக்குப் போட்டால் மொத்தம் 17 இல்லை, 19½ வருஷம் ஆகும். சம்பளம் ஏறியதால் ஓய்வு மூன்று வருஷம் தள்ளிப் போனது.

அதே ஆள் செலவை 2,000-இலேயே நிறுத்தி, ஏறிய 2,000-ஐயும் சேமித்தால்? இலக்கு 6 லட்சமாகவே இருக்கும். மொத்தம் 14 வருஷத்தில் முடிந்துவிடும். ஒரே சம்பள உயர்வு, இரண்டு முடிவு, நடுவில் ஐந்து வருஷம். அதனால் சதவீதத்தைவிடச் செலவுத் தொகையைக் கவனிப்பது பாதுகாப்பானது. 25 மடங்குக் கணக்கில், மாசம் புதுசாக 100 டாலர் செலவு சேர்ந்தால் இலக்கில் 30,000 டாலர் கூடும்.

சதவீதத்தைக் கணக்கிடும்போதும் ஒரு சறுக்கல் வரும். சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்கால நிதிக்குப் போகும் பணத்தைச் சேமிப்பில் சேர்த்தால், வருமானத்திலும் சேர்க்கணும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் பங்கு பெரிதாகத் தெரியும், வருஷம் குறைவாகத் தெரியும்.

அமெரிக்காவுக்கு வெளியே

கடைசியாக, இதைக் கேட்கிற பெரும்பாலானவர்கள் டாலரில் சம்பாதிக்கிறவர்கள் இல்லை. 4 சதவீதம் என்பது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் எண். உலகப் போர்களில் தன் மண்ணில் தொழிற்சாலைகள் தரைமட்டமாகாத, சந்தை நீண்டகாலம் செழித்த ஒரு நாட்டின் எண். 2010-இல் வேட் ஃபாவ் என்ற பொருளாதார ஆய்வாளர் இதே சோதனையை 17 வளர்ந்த நாடுகளில், 1900-லிருந்து உள்ள தகவலில் செய்து பார்த்தார். தாராளமான அனுமானங்கள் வைத்தும், 4 சதவீதம் பாதுகாப்பாக இருந்தது 4 நாடுகளில் மட்டும்தான். போரும் பணவீக்கமும் நொறுக்கிய நாடுகளில் அது பக்கத்தில்கூட வரவில்லை.

நம் ஊரில் இந்தச் சோதனையை அதே ஆழத்தில் செய்யவே வழியில்லை. சென்செக்ஸின் அடிப்படை ஆண்டே 1978-79. அதிலிருந்து 30 வருஷத் துண்டுகளாக வெட்டினால், ஒன்றின் மேல் ஒன்று படிந்த சில துண்டுகள்தான் கிடைக்கும். நம்முடைய 1966 எது என்று சொல்லும் அளவுக்கு வரலாறு நீளவில்லை. அதனால் 25 மடங்கை ரூபாயில் அப்படியே எழுதுகிறவர், அமெரிக்காவின் அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் கடன் வாங்குகிறார். 30 அல்லது 35 மடங்கு வைத்துக் கணக்குப் போட்டால் வருஷம் எவ்வளவு கூடுது என்று பாருங்க. பாதி சேமிக்கிறவருக்கு, அதே 5 சதவீத வளர்ச்சியில், 17 என்பது 30 மடங்குக்கு 19 ஆகும், 35 மடங்குக்கு 21 ஆகும். அந்த நாலு வருஷத்தைத் தாங்க முடிந்தால் உங்கள் திட்டம் கொஞ்சம் உறுதியானது. தாங்க முடியாது என்றால், அது இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

டொமிங்கெஸ் ஒரு கோடு வரைந்தார். பெங்கன் அந்தக் கோடு எங்கே உடையும் என்று பார்த்தார். அடேனி இரண்டையும் சேர்த்து ஒரே பக்கத்தில் அடக்கினார். அந்தப் பக்கத்தை வைத்து முடிவெடுக்கும்போது, உடையும் இடத்தைத் தேடிய நடு ஆளை விட்டுவிடாதீங்க. உங்கள் பங்கை அட்டவணையில் கண்டுபிடித்ததும், பக்கத்தில் பூஜ்ய வளர்ச்சிக்கான வருஷத்தையும் எழுதி வையுங்க. உங்கள் ஓய்வு அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கு.